மீட்டிங் போர்டு படத்திலிருந்து வேலைப் பட்டியல்: யார் பொறுப்பு, எப்போது கெடு?

கேள்வி: மீட்டிங் முடிந்ததும் போர்டைப் போனில் படம் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் அதை யார், என்ன, எப்போதைக்குள் என்று பட்டியலாகப் போட உட்கார்ந்தால் பாதி புரிவதில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்:

படத்தைப் பார்த்து நேரே பட்டியல் எழுத ஆரம்பிக்காதீர்கள். முதல் சுற்றில் போர்டில் இருப்பதை இருக்கிறபடியே எழுதி எடுங்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பதை இரண்டாவது சுற்றில் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால், நாம் ஊகித்தது எது, போர்டில் உண்மையாகவே இருந்தது எது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு எழுத்தால். போர்டில் "பழைய படிவம் – ச" என்று இருந்தது. எங்கள் குழுவில் 'ச'வில் பெயர் தொடங்குகிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் வடிவமைப்பு, இன்னொருவர் வாடிக்கையாளர் உதவி. படிவம் என்றால் வடிவமைப்புதானே என்று நினைத்து அவருடைய முழுப் பெயரைப் பட்டியலில் போட்டுவிட்டேன். மீட்டிங்கில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர் மற்றவர். அவர் பட்டியலில் தன் பெயர் இல்லாததைப் பார்த்து, வேலை கைமாறிவிட்டது என்று விட்டுவிட்டார். வடிவமைப்பாளரோ, உதவிக் குழுவிடமிருந்து விவரம் வரும் என்று காத்திருந்தார். இரண்டு வாரம் போனது. போர்டில் சந்தேகமாக இருந்த விஷயம் என் பட்டியலில் உறுதியானதாக மாறியிருந்தது, அதனால்தான் யாரும் கேள்வி கேட்கவில்லை.

படம் எடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள், நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுங்கள், இல்லாவிட்டால் விளக்கு வெளிச்சம் வெள்ளைத் திட்டாக விழுந்து ஒரு வரியை முழுங்கிவிடும். முழு போர்டுக்கு ஒரு படம், இடது பாதிக்கு ஒன்று, வலது பாதிக்கு ஒன்று. எடுத்த உடனே மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கெடு தேதிகள் பெரும்பாலும் வரியின் கடைசியில், இடம் போதாமல் பொடி எழுத்தில் ஓரமாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

போனிலேயே படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியை நம்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அச்செழுத்துக்கு அது நன்றாக வேலை செய்யும். போர்டில் எழுதிய கையெழுத்துக்கு நான் பயன்படுத்துவதில்லை. எழுத்து தப்பாக வந்தால் கூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அம்புக்குறி, அடித்தல், வட்டம் எதுவும் அதில் வராது. இரண்டு பத்தியாக எழுதியதை ஒரே வரியாகச் சேர்த்துவிட்டால், இந்த வேலைக்குப் பக்கத்து வேலையின் ஆள் ஒட்டிக்கொள்வார், படிக்கும்போது அது சரியாகவே தெரியும். பத்துப் பன்னிரண்டு வரிதான், கையாலேயே எழுதிவிடுங்கள்.

எழுதும் முன், படத்தின் மேலேயே ஒவ்வொரு வரிக்கும் எண் போடுங்கள். போனில் படத்தின் மேல் கிறுக்கும் வசதியே போதும். பிறகு ஷீட்டில் முதல் பத்தி எண், இரண்டாவது பத்தி 'போர்டில் இருந்தபடி'. "ச" என்றால் "ச" மட்டும்தான். கேள்விக்குறி இரண்டு இருந்தால் இரண்டும். அடித்த வரியையும் "அடித்தது" என்ற குறிப்போடு எழுதுங்கள், ஏனென்றால் மீட்டிங் பாதியில் கிளம்பிப் போன ஒருவர் அந்த வேலையை ஏற்கெனவே ஆரம்பித்திருக்கலாம்.

ஒரு போர்டை எடுத்துக் காட்டுகிறேன். மீட்டிங் நடந்தது 2025 ஜூன் 10, செவ்வாய்க்கிழமை, ஒரு இணையதளத்தின் விண்ணப்பப் படிவத்தை மாற்றும் வேலை. போர்டில் 11 வரி. அவற்றில் வேலை என்று சொல்லத் தக்கவை 6. இரண்டு வெறும் முடிவுகள் ("லோகோ மாத்த வேண்டாம்" மாதிரி). ஒன்று "சர்வர்ல இடம் போதுமா??" என்ற கேள்வி. ஒன்று அடித்தது. இன்னொன்று முந்தைய மீட்டிங்கில் யாரோ எழுதி அழிக்காமல் விட்டது, மூலையில் மங்கலாக இருந்தது. முடிவுகளைப் பட்டியலுக்கு மேலே தனியாக வையுங்கள், அவற்றுக்கு ஆளும் தேதியும் தேட வேண்டாம். கேள்வி மட்டும் வேலையாக மாறும்: "சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்துச் சொல்வது".

வரிகளில் பெரும்பாலும் வினைச்சொல் இருக்காது. "விலைப்பட்டியல் – மா – வெள்ளி" என்று ஒரு வரி. மா என்ன செய்ய வேண்டும்? விலையைச் சரிபார்க்கவா, புதிதாகத் தயாரிக்கவா, தளத்தில் ஏற்றவா? வேலை முடிந்தது என்று எதைப் பார்த்துச் சொல்வோம் என்று யோசித்தால் வினை தானாகக் கிடைத்துவிடும். இங்கே கேட்டுப் பார்த்ததில், விலையைச் சரிபார்த்து அனுப்புவது மாவின் வேலை, தளத்தில் ஏற்றுவது இன்னொருவருடைய வேலை என்று தெரிந்தது. ஒரு வரி இரண்டாகப் பிரிந்தது. ஆக 6 வேலை வரிகளில் 7 வேலை, கேள்வியையும் சேர்த்து 8.

பொறுப்புக்கு வருவோம். வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தாலே அவர்தான் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யோசனை சொன்னவர் பெயரையும் அப்படித்தான் குறித்து வைப்பார்கள். இரண்டு பெயர் இருந்தால் ஒருவரைப் பொறுப்பு பத்தியிலும் மற்றவரை 'உடன்' என்று தனிப் பத்தியிலும் போடுங்கள், யார் முதல் என்பதை அவர்களே சொல்லட்டும். "எல்லாரும்", "டீம்" என்று இருந்தால் அந்தக் கட்டம் காலி என்றே அர்த்தம். எங்கள் போர்டில் "டெஸ்டிங் – எல்லாரும்" என்று இருந்தது. எல்லாரும் சோதித்துப் பார்க்கத்தான் போகிறார்கள், ஆனால் யார் யார் பார்த்தார்கள் என்று கணக்கு வைத்து, முடிந்தது என்று அறிவிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பொறுப்பு.

கெடுவில் முதல் வேலை, மீட்டிங் நடந்த தேதியைப் பட்டியலின் தலையில் எழுதுவது. "வெள்ளி", "மாசக் கடைசி" எல்லாவற்றுக்கும் அர்த்தம் அந்தத் தேதியிலிருந்துதான் வரும். படத்தின் விவரத்தில் தேதி இருக்குமே என்று விட்டுவிடாதீர்கள். எடுத்த போனில் இருக்கும், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததில் இருக்காது, எடுத்த நேரம் கழன்றுவிடும். உங்கள் போன் காட்டுவது படம் வந்து இறங்கிய நாளை. புதன்கிழமை படம் கைக்கு வந்து, அதையே மீட்டிங் தேதி என்று நினைத்தால் "நாளைக்கு" என்ற சொல் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொன்னால் தேதி அப்படியே வரும்.

செவ்வாய் மீட்டிங்கில் "வெள்ளி" என்றால் ஜூன் 13, அதில் குழப்பமில்லை. "அடுத்த வெள்ளி" என்றால்? சிலருக்கு 13, சிலருக்கு 20. இதைக் கேட்காமல் முடிவு செய்யவே கூடாது. தேதியைக் கிழமையோடு சேர்த்து எழுதுவது என் பழக்கம். கெடு E பத்தியில் இருந்தால் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுவேன்:

```
=TEXT(E2,"dddd")
```

வெள்ளி என்று போர்டில் இருந்த இடத்தில் வேறு கிழமை வந்து நின்றால் தேதி தப்பு என்று உடனே தெரியும். 3/7 என்பதை ஷீட் மார்ச் 7 என்று எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதிலேயே மாட்டிவிடும்.

அப்புறம் அம்புக்குறிகள். வரியிலிருந்து பெயருக்குப் போகும் அம்பு ஆளைக் காட்டுகிறது. ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் போகும் அம்பு பெரும்பாலும் எது முதலில், எது பிறகு என்பதைக் காட்டுகிறது. எங்கள் போர்டில் "புதுப் படிவம் – அடுத்த வெள்ளி" என்ற வரியிலிருந்து "டெஸ்டிங் – வெள்ளி"க்கு அம்பு போனது. போர்டில் யாருக்கும் உறுத்தவில்லை. தேதியாக எழுதியதும், படிவம் 20, டெஸ்டிங் 13 என்று வந்து நின்றது. படிவமே வராமல் எதைச் சோதிப்பது? கேட்டபோதுதான் இருவருமே 20-ஐ மனதில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்தது. கடைசியில் படிவம் 17 செவ்வாய், டெஸ்டிங் 20 வெள்ளி என்று ஆனது. அதனால் தேதி போட்டு முடித்ததும் அம்பு இருக்கிற ஜோடிகளை மட்டும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

தெரியாத கட்டத்தை நிரப்பாதீர்கள். "கேட்கணும்" என்று எழுதி மஞ்சள் அடித்துவிடுங்கள். எங்கள் 8 வேலைகளில் மூன்றுக்கு ஆள் தெளிவில்லை, இரண்டுக்குத் தேதி தெளிவில்லை. பட்டியல் அரைகுறையாகத் தெரியும், பரவாயில்லை, அன்றைய நிலவரம் அதுதான்.

உறுதி செய்யும்போது முழுப் பட்டியலையும் குழுவில் போட்டு "எல்லாரும் பாருங்க" என்று எழுதினால் பதில் வராது. மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றுக்கும் படத்தில் அந்த வரியை மட்டும் வெட்டி, சம்பந்தப்பட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள். "நாலாவது வரி, பழைய படிவம், பக்கத்துல 'ச' இருக்கு. நீங்களா, அவரா? இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க." வெட்டிய படத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சு அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். இதை மீட்டிங் நடந்த அன்றே செய்யுங்கள், மறுநாள் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும்.

பதில்கள் வந்ததும் மஞ்சளை எடுத்துவிட்டுப் பட்டியலை எல்லாருக்கும் அனுப்புங்கள். எண் போட்ட படமும் கூடவே போகட்டும், 'போர்டில் இருந்தபடி' பத்தியையும் அழிக்க வேண்டாம். "நான் இதை ஒத்துக்கவே இல்லையே" என்று பத்து நாள் கழித்து யாராவது சொன்னால், நாலாவது வரியைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.