அட்வான்ஸ் வாங்கிய பின் காணி தர மறுத்தால், கோரிக்கைக் கடிதத்தில் எதைக் கேட்கலாம்?

கேள்வி: “ஹட்டனுக்கு அருகில் 12 பேர்ச் காணிக்கு 4 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்தும் வாங்கினேன். இப்போது கூடுதல் விலைக்கு ஆள் வந்துவிட்டதால் தர முடியாது என்கிறார். இரண்டு மடங்காகத் திருப்பித் தரச் சொல்லிக் கடிதம் அனுப்பலாமா? எப்படி எழுத வேண்டும்?”

பதில்:

நான் பல ஆண்டுகள் மலையக நகரமொன்றில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் லிகிதராக இருந்தேன். இத்தகைய கடிதங்களை ஏராளமாகத் தட்டச்சுச் செய்திருக்கிறேன். பின்னர் என் தங்கையின் குடும்பத்துக்காகவும் ஒன்றை எழுத நேர்ந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் வெளியே முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு துண்டுக் காணி வாங்க முயலும்போது இப்படி ஏமாற்றப்படுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தத் தாளில் கையெழுத்து வைக்கப்பட்டபோது யார் யார் உடனிருந்தார்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி, காணியை விற்பதற்கான உறுதி மட்டுமன்றி, விற்பதாக வாக்களிக்கும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையெழுத்திடப்பட்டு, நொத்தாரிசால் அத்தாட்சிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் சட்டத்தின் முன் அதற்கு வலுவில்லை. முத்திரை ஒட்டியிருப்பதோ, ஊர்ப் பெரியவர் சாட்சிக் கையெழுத்து வைத்திருப்பதோ இந்தக் குறையை நிரப்பாது. முத்திரை ஒட்டிவிட்டால் காணி கைக்கு வந்துவிட்டது போல எண்ணுவது நம் பக்கத்தில் மிகப் பரவலான தவறு.

உங்கள் தாள் நொத்தாரிசு முன் எழுதப்பட்டதல்ல என்றால், அதைக் கொண்டு அவரைக் காணியை எழுதித் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது. “வாக்குத் தவறினால் இரட்டிப்பாகத் தருவேன்” என்று அவர் அதிலேயே எழுதியிருந்தாலும், அந்த வாக்குறுதி வலுவற்ற அதே உடன்படிக்கையின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படும். ஆனால் 4 இலட்சம் ரூபாவின் நிலை வேறு. காணியையும் தராமல் பணத்தையும் வைத்துக்கொண்டு, மற்றவருடைய செலவில் ஒருவர் நியாயமின்றிப் பயனடைவதைச் சட்டம் ஏற்பதில்லை. ஆகவே பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. காணி உடன்படிக்கையாகச் செல்லாத அந்தத் தாள், பணம் கைமாறியதற்கான சான்றாக உங்களுக்கு உதவும். அதைக் கிழித்துவிடாதீர்கள், “புதிதாக எழுதித் தருகிறேன், பழையதைக் கொடுங்கள்” என்று அவர் கேட்டாலும் மூலப் பிரதியைக் கொடுக்காதீர்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு விடயம் உண்டு. விற்பவர் எழுதித் தரத் தயாராக இருந்து, வாங்குபவரே பின்வாங்கியிருந்தால், அட்வான்ஸை மீளப் பெறுவது மிகவும் கடினமாகிவிடும். விடயம் முற்றியதும் விற்பவர்கள் சொல்லும் வாதமும் பெரும்பாலும் இதுதான்: “நான் தர மறுக்கவில்லை, மீதிப் பணத்தை அவரால் புரட்ட முடியவில்லை.” எனவே, மறுத்தவர் அவர், மீதியைச் செலுத்த ஆயத்தமாக இருந்தவர் நீங்கள் என்ற இரண்டையும் கடிதம் தெளிவாகப் பதிவு செய்ய வேண்டும். தொகையைக் கோருவதற்கு நிகரான முக்கியத்துவம் இதற்கும் உண்டு.

என் தங்கையின் கணவர் 2022 பெப்ரவரியில் பண்டாரவளைப் பக்கம் 10 பேர்ச் காணியை, பேர்ச் ஒன்றுக்கு 1,80,000 ரூபா வீதம் 18 இலட்சத்துக்குப் பேசி, 3 இலட்சம் அட்வான்ஸ் கொடுத்தார். அதில் பாதி, தங்கையின் நகைகளை அடகு வைத்துப் பெற்றது. அடுத்த மாதமே ரூபாவின் பெறுமதி சரிந்தது. விற்பவர் முதலில் நாளைக் கடத்தினார். பின்னர் பேர்ச்சுக்கு 2,50,000 தந்தால்தான் எழுதுவேன் என்றார். கடைசியில் வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். தங்கையின் கணவர் கோபத்தில் இரட்டிப்பாக 6 இலட்சம் கேட்டு எழுதச் சொன்னார். நான் மறுத்தேன். பெற முடியாத ஒரு தொகையைத் தலையில் வைத்தால், கடிதத்தை வாங்கிப் பார்க்கும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை மட்டும் சுட்டிக்காட்டி முழுக் கோரிக்கையையும் மிரட்டலாகக் காட்டிவிடுவார். பெறக்கூடிய 3 இலட்சத்துக்கும் அது நிழலாகிவிடும்.

நாங்கள் அனுப்பிய கடிதத்தின் உடல் ஏறத்தாழ இப்படி இருந்தது:

“ஐயா, மேற்குறித்த 10 பேர்ச் காணியை 18,00,000 ரூபாவுக்கு எனக்கு விற்பதாக நீங்கள் ஒப்புக்கொண்டதன் பேரில், 2022 பெப்ரவரி 13ஆம் திகதி 3,00,000 ரூபாவை முற்பணமாக உங்களிடம் ரொக்கமாகக் கொடுத்தேன். அதற்கு நீங்கள் கையொப்பமிட்டுத் தந்த பற்றுச்சீட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மீதி 15,00,000 ரூபாவைச் செலுத்தி உறுதி எழுதிக்கொள்ள நான் ஆயத்தமாக இருந்ததுடன், அதை ஏப்ரல் 4ஆம் திகதியும் 19ஆம் திகதியும் உங்களிடம் நேரில் தெரிவித்தேன். ஆயினும் மே 2ஆம் திகதி நீங்கள் காணியை எனக்கு விற்க முடியாது எனத் தொலைபேசியில் அறிவித்தீர்கள். ஆகவே மேற்படி 3,00,000 ரூபாவையும், உங்கள் வாக்கை நம்பி நான் செலவிட்ட உரித்துத் தேடல் கட்டணம், நில அளவையாளர் கட்டணம் ஆகியவற்றுக்கான 22,000 ரூபாவையும் இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால், அத்தொகையையும் கோரிக்கை நாளிலிருந்து சட்ட வட்டியையும் வழக்குச் செலவையும் அறவிட நடவடிக்கை எடுப்பேன்.”

இதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. “காணியைத் தாருங்கள், இல்லாவிட்டால் பணத்தைத் தாருங்கள்” என்ற இரட்டைக் கோரிக்கையும் இல்லை. அவர் மறுத்ததை ஏற்று, பணத்தை மட்டும் கேட்கும் ஒரே நிலைப்பாடு. நட்டஈடு என்ற சொல்லுக்குப் பதிலாக, பற்றுச்சீட்டு உள்ள 22,000 ரூபாச் செலவை மட்டும் கேட்டோம். நொத்தாரிசு உடன்படிக்கை இல்லாத நிலையில் அந்தச் செலவும் நீதிமன்றத்தில் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. ஆனால் பேச்சுவார்த்தையில் நியாயமாக நிற்கும் தொகை அது. அடகு வட்டியையும் சேர்க்கத் தங்கை விரும்பினாள். அவளுடைய வேதனை எனக்குப் புரிந்தது. ஆனாலும் விற்பவருக்கு அந்த அடகைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் சீட்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வைத்தோம். விற்பவர் சிங்களம் பேசுபவர் என்பதால் சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதி ஒரே உறையில் வைத்தோம். “எனக்கு விளங்கவில்லை” என்ற சாட்டுக்கு இடமிருக்கக் கூடாது அல்லவா? பதில் வராவிட்டாலும் கடிதம் வீணாகாது. கொடுக்கல் வாங்கல் விடயத்தில் ஒருவர் கடிதம் மூலம் ஒன்றைத் திட்டவட்டமாகக் கூறும்போது, அதை ஏற்காதவர் பதில் எழுதி மறுக்க வேண்டும், மௌனமாக இருந்தால் அது ஒப்புதலாகக் கொள்ளப்படலாம் என்பதை நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன; சரவணமுத்து எதிர் டி மெல் என்ற வழக்கைச் சட்டத்தரணிகள் இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். நாள், தொகை, மறுப்பு ஆகியவற்றைக் கடிதத்தில் துல்லியமாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். “நான் தந்த பணத்தைத் திருப்பித் தரவும்” என்று மட்டும் எழுதினால், மௌனம் எதை ஒப்புக்கொண்டதாகக் கொள்வது?

எங்களுக்கு 14 நாட்களிலும் பதில் வரவில்லை. அடுத்து மத்தியஸ்த சபைக்குச் சென்றோம். சட்டம் குறிக்கும் எல்லைக்கு உட்பட்ட தொகையானால், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைச் சட்டத்தின்படி அங்கு சென்று, இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைப் பெறாமல் வழக்குத் தாக்கல் செய்ய முடியாது. அந்த எல்லை அவ்வப்போது உயர்த்தப்படுவதால், 4 இலட்சம் அதற்குள் வருகிறதா என்பதை உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. நீங்களே பேச வேண்டும். கடிதப் பிரதி, தபால் சீட்டு, பற்றுச்சீட்டு மூன்றையும் மேசையில் வைத்ததும், “அவரிடம்தான் காசு இருக்கவில்லை” என்று தொடங்கிய விற்பவரின் குரல் இறங்கியது. 3 இலட்சத்தை இரண்டு தவணைகளில் தருவதாகவும், செலவுக்கு 15,000 ரூபா தருவதாகவும் அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். முதல் தவணை அன்றே கிடைத்தது. இரண்டாவது இரண்டு மாதத்தில் வந்தது.

காலத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். இப்படி நியாயமற்ற பயனைத் திருப்பிக் கேட்கும் வழக்கு, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தின்படி 3 ஆண்டுகளில் காலாவதியாகிவிடலாம். எழுத்துமூல உடன்படிக்கைக்கான 6 ஆண்டு உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் கடிதம் இந்தக் காலத்தை நிறுத்தாது. அவர் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டுத் தரும் எழுத்தும், அவர் செலுத்தும் பகுதித் தொகையுமே கணக்கைப் புதிதாகத் தொடங்கச் செய்யும். அதனால், “அடுத்த மாதம் தருகிறேன்” என்று அவர் வாயால் சொன்னால், அதே சொல்லைத் தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். காசோலையாகத் தந்தால் இன்னும் நல்லது.

பொலிஸ் முறைப்பாட்டைப் பற்றியும் பலர் கேட்பார்கள். பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு அறிகுறி இருந்தால், உதாரணமாக அதே காணிக்கு ஒரே வாரத்தில் மூவரிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தால், முறைப்பாடு செய்யுங்கள். பிறகு விலை ஏறியதால் மனம் மாறியவர் மீது அது பெரும்பாலும் சிவில் விடயம் என்றே திருப்பி அனுப்பப்படும்.

ஒருவேளை உங்கள் தாள் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டதாக இருந்தால், நான் மேலே எழுதியபடி பணத்தை மட்டும் கேட்டுக் கடிதம் அனுப்பிவிடாதீர்கள். அப்போது காணியையே எழுதித் தரக் கேட்கவும், அதில் குறித்த நட்டஈட்டைக் கேட்கவும் உங்களுக்கு வழி இருக்கலாம். பணத்தைத் திருப்பிக் கேட்பது காணியை நீங்களே கைவிட்டதாகக் கொள்ளப்படக்கூடும். அந்த உடன்படிக்கை காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று உடனே பாருங்கள். பதியப்படாவிட்டால், புதிதாக வந்த ஆளின் உறுதி பதியப்படுவதற்கு முன்பாக அதைப் பதிவு செய்ய ஒரு சட்டத்தரணியிடம் இன்றே செல்லுங்கள். கடிதத்தை அவர் பார்த்த பிறகு அனுப்பலாம்.