03/08/1974: அம்மா பிறந்தது மார்ச்சிலா, ஆகஸ்டிலா?

"நாங்கள் மல்லாவியில் இருக்கிறோம். அம்மாவின் கிளினிக் கொப்பியில் பிறந்த திகதி 03/08/1974 என்று இலக்கத்தில் மட்டும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா அதைப் பார்த்து விண்ணப்பப் படிவத்தில் 1974-03-08 என்று போட்டிருக்கிறார். பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் போய்விட்டது. பழைய ஐசி இருக்கிறது, ஆனால் எழுத்து தேய்ந்துவிட்டது. இலக்கத்தில் 74716 வரைதான் வாசிக்க முடிகிறது. எது சரி? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?"

நீங்கள் வாசித்த அந்த ஐந்து இலக்கமே போதும். ஐசி சொல்வது ஆகஸ்ட் 3. அண்ணா போட்டது மார்ச் 8. ஆண்டை முன்னால் வைத்து எழுதினால் அடுத்து வருவது மாதம்தான், அதனால் அவருடைய திகதியில் இரண்டு பொருள் இல்லை. மாதத்தை முதலில் எழுதும் பழக்கத்தில் கொப்பியை வாசித்திருக்கிறார் போல.

ஐசி இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஜனவரி 1 தொடங்கி எண்ணினால் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 716இல் 500 போனால் 216. இனி எண்ணிப் பாருங்கள். ஜனவரி 31, பெப்ரவரி 29, சேர்த்து 60. மார்ச் முடிய 91, ஏப்ரல் முடிய 121, மே முடிய 152, ஜூன் முடிய 182, ஜூலை முடிய 213. இன்னும் மூன்று நாள் வேண்டும். ஆகஸ்ட் 3. மார்ச் 8 என்றால் 60உம் 8உம் 68, ஐசியில் 568 என்று இருந்திருக்கும். புது 12 இலக்க அட்டையிலும் கணக்கு இதுதான், ஆண்டு மட்டும் 1974 என்று முழுதாக இருக்கும்.

1974இல் பெப்ரவரிக்கு 28 நாள்தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் ஐசி கணக்கு எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரியை 29 என்றே எடுக்கும். கலண்டரைப் பார்த்து எண்ணுகிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள். அப்படி எண்ணினால் 216ஆவது நாள் ஆகஸ்ட் 4 என்று வரும், பிறகு ஒரு நாள் பிழை என்று அலைவார்கள். பிழை அட்டையில் இல்லை.

ஐசிக்கும் ஒரு எல்லை உண்டு. விண்ணப்பித்தபோது கொடுத்த பத்திரத்தில் என்ன இருந்ததோ அதைத்தான் அது சொல்லும். அந்தப் பத்திரத்தையே யாராவது தலைகீழாக வாசித்திருந்தால் அட்டையும் அப்படியே இருக்கும். அதனால் இன்னும் இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலில் அந்தக் கொப்பி. பிறந்த திகதியை எழுதிய அதே கை, அதே பேனை, வேறு திகதிகளும் எழுதியிருக்கிறதா? 12க்கு மேற்பட்ட எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 22/05 என்று ஒன்று கிடைத்தால் போதும். 22ஆவது மாதம் இல்லை, ஆகவே அந்தக் கை நாளைத்தான் முதலில் எழுதும். வேறு தாதி வேறு பக்கத்தில் எழுதியதை இதற்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது அம்மாவும் அவருக்கு மூத்தவர்களும். இங்கே கேள்வியைக் கேட்கும் விதம் முக்கியம். "அம்மா, ஆகஸ்ட்தானே?" என்றால் "ஓம்" என்பார். "மார்ச்தானே?" என்றாலும் "ஓம்" என்பார். மாதத்தின் பெயரை அவர் வாயிலிருந்து வர விடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மிடம் ஆகஸ்டை ஆவணி என்றும் மார்ச்சைப் பங்குனி என்றும் எழுதும் பழக்கம் உண்டு, பஞ்சாங்கத்திலோ ஆகஸ்ட் 3 ஆடி மாதத்தில் வரும். அம்மா "ஆடி" என்று சொல்லி, பெரியம்மா "ஆவணி" என்று சொன்னால் இருவரும் ஒரே நாளைச் சொல்லக்கூடும். அதே போல "மாசி"யும் "பங்குனி"யும் மார்ச் 8க்குப் பொருந்தும். அதனால் மாதப் பெயரோடு விடாமல், "அந்த வருசம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னமா பிறந்தது, பின்னமா? ஆடிப்பிறப்புக் கூழ் காய்ச்சி எத்தனை நாள்?" என்று பெரியம்மாவைக் கேளுங்கள். பொங்கல் வைகாசியில், மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் வரும், ஆகவே இதற்குக் குழப்பமில்லாத பதில் கிடைக்கும். கிழமை நினைவிருந்தால் இன்னும் நல்லது. 1974 ஆகஸ்ட் 3 சனிக்கிழமை, மார்ச் 8 வெள்ளிக்கிழமை. சாதகக் குறிப்பு எங்காவது பெட்டியில் இருந்தால் அதிலும் கிழமை எழுதியிருக்கும்.

அம்மாவிடம் பாஸ்போட் இருந்தால் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டாவது வரியைப் பாருங்கள். `LKA`வுக்கு அடுத்து ஆறு இலக்கம், ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இருக்கும். எந்த நாட்டுப் பாஸ்போட்டிலும் இந்த ஒழுங்கு மாறாது. `LKA7408030F` என்று இருந்தால் ஆகஸ்ட் 3, `LKA7403080F` என்றால் மார்ச் 8. கடைசி `F`க்கு முன்னுள்ள பூச்சியம் சரிபார்ப்பு இலக்கம், திகதியோடு சேராது.

கடைசியில் உங்களுக்குத் தேவை சான்றிதழின் பிரதிதான். அம்மாவின் பிறப்பு பதிவான பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவு இலக்கம் தெரியாவிட்டால் பதிவேட்டில் தேடச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு நாளை மட்டும் எழுதாமல் "1974 மார்ச் முதல் அந்த ஆண்டு முடிவு வரை" என்று எழுதுங்கள். பிறந்து சில வாரம் கழித்துப் பதிந்திருக்கவும் கூடும். பிரதி கைக்கு வந்ததும் பிறந்த திகதி எது, பதிந்த திகதி எது என்று பிரித்துப் பாருங்கள். நான் பத்திரங்களை மொழிபெயர்க்கிறவன். ஒரு முறை பதிந்த திகதியைப் பிறந்த திகதி என்று எழுதிக் கொடுத்து, அந்த மனுசன் இரண்டாம் முறை வவுனியாவுக்கு பஸ் ஏறி வர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என் மேசையில் மாதத்தை எண்ணில் எழுதுவதே இல்லை.

அண்ணாவுக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "அம்மாவின் ஐசி இலக்கத்தின்படி பிறந்த திகதி 1974 ஆகஸ்ட் மாதம் 3ஆம் நாள். நீங்கள் போட்டிருப்பது மார்ச் மாதம். படிவத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழ் பிரதி வரும்வரை பொறுங்கள். அனுப்பியிருந்தால் எந்த நாளில் அனுப்பினீர்கள், எந்தெந்தப் படிவத்தில் இந்தத் திகதி இருக்கிறது என்று எழுதுங்கள்." அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வாங்காமல் விடாதீர்கள். ஒரு படிவத்தில் திருத்திவிட்டு மற்றதில் பழைய திகதியை விட்டால், இரண்டு திகதியும் வேறு வேறாக இருக்கும், அதற்கு விளக்கம் எழுதும் வேலை தனியாக வரும்.