12 கோடி மதிப்பில் உங்கள் கைக்கு வருவது எவ்வளவு?

"ஹட்டனில் நானும் நண்பரும் சேர்ந்து, சிறுதோட்டக்காரர்களின் கொழுந்து நிறுவைக் கணக்கைக் கைப்பேசியில் வைக்கும் மென்பொருள் செய்து விற்கிறோம். கம்பனியில் 7 இலட்சம் பங்குகள், எல்லாம் எங்கள் இருவருடையவை. கொழும்பு முதலீட்டாளர் ஒருவர் 3 கோடி ரூபாய் தருகிறார். அவருடைய டேர்ம் ஷீட்டில் 'ப்ரீ-மணி 12 கோடி, 10% ஒப்ஷன் பூல் உட்பட', '1.5 மடங்கு பார்ட்டிசிபேட்டிங் லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்' என்று இருக்கிறது. இன்னொருவர் அதே 3 கோடிக்கு 10 கோடி மதிப்புதான் சொல்கிறார், ஆனால் '1 மடங்கு, நொன்-பார்ட்டிசிபேட்டிங்'. மற்றதெல்லாம் ஒன்றுதான். 12 கோடிக்காரரிடம் போவதுதானே சரி?"

இல்லை. உங்கள் கம்பனி 100 கோடிக்கு மேல் விலைபோகும் என்று உறுதியாக நம்பினால் ஒழிய, 10 கோடிக்காரர்தான் உங்களுக்கு அதிகம் தருகிறார். மடுவத்தில் தராசு காட்டும் நிறை வேறு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துப் புத்தகத்தில் ஏறும் நிறை வேறு. முதலீட்டின் நிபந்தனைகளை ஒப்பந்தத்துக்கு முன் சுருக்கி எழுதும் டேர்ம் ஷீட்டில், மதிப்பு என்பது தராசு முள். கழிவு அடுத்த பக்கங்களில் இருக்கிறது.

முதல் கழிவு அந்த மதிப்புக்குள்ளேயே இருக்கிறது. ப்ரீ-மணி என்பது பணம் வருவதற்கு முன் கம்பனிக்குப் போடும் விலை. அதனுடன் 3 கோடியைக் கூட்டினால் போஸ்ட்-மணி 15 கோடி; முதலீட்டாளருக்கு அதில் 20%. ஊழியர்களுக்கென ஒதுக்கும் 10% பூல், 12 கோடிக்குள் 'உட்பட' என்று எழுதப்பட்டிருப்பதால், அது முழுவதும் உங்கள் பக்கத்திலிருந்தே வெட்டப்படுகிறது. உங்களுக்கு மீதி 70%. அதாவது மொத்தம் 10 இலட்சம் பங்குகள்: உங்களுடைய 7 இலட்சம், பூல் 1 இலட்சம், அவருக்கு 2 இலட்சம். 3 கோடியை 2 இலட்சத்தால் வகுத்தால் பங்கு 150 ரூபாய். அந்த விலைக்கு உங்கள் 7 இலட்சம் பங்குகளின் பெறுமதி 10.5 கோடிதான். ஆகவே மதிப்பைக் கேட்காதீர்கள், பங்கொன்றின் விலையைக் கேளுங்கள். அந்த எண்ணை எந்தச் சொல்லாலும் மறைக்க முடியாது. பூலைக் குறைக்க வேண்டுமானால், அடுத்த 18 மாதங்களில் யார் யாரை வேலைக்கு எடுப்பீர்கள், அவர்களுக்கு எத்தனை பங்கு என்று ஒரு பட்டியல் கொண்டுபோங்கள். 6% போதும் என்று பட்டியலைக் காட்டிச் சொல்பவரிடம் 10% கேட்பது கடினம்.

இனி பெரிய கழிவு. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் என்பது, கம்பனி விற்கப்படும்போதோ கலைக்கப்படும்போதோ, கடன்கள் போக மிஞ்சும் பணத்தில் முதலீட்டாளர் முதலில் எவ்வளவு எடுப்பார் என்ற ஒழுங்கு. 'லிக்விடேஷன்' என்றதும் பலர் நொடித்துப்போவதை மட்டும் நினைக்கிறார்கள். அது தவறு, நல்ல விலைக்கு விற்கும்போதும் இதே வாசகம்தான் வேலை செய்யும்.

இரண்டு வகையையும் பிரிப்பது ஒரே கேள்வி: முதலில் எடுத்தவர், மீதியிலும் பங்கு கேட்கலாமா? நொன்-பார்ட்டிசிபேட்டிங் என்றால் முடியாது. போட்ட 3 கோடியைத் திருப்பி எடுக்கலாம், அல்லது அதை விட்டுவிட்டுத் தன் பங்குகளைச் சாதாரணப் பங்குகளாக மாற்றித் தன் வீதத்தை எடுக்கலாம். எது கூடவோ அது. பார்ட்டிசிபேட்டிங் என்றால் முதலில் எடுப்பதையும் எடுத்து, மீதியிலும் தன் வீதத்துக்குக் கை நீட்டுவார்.

கம்பனி 8 கோடிக்கு விலைபோகிறது என்று வையுங்கள். பூல் முழுவதும் ஊழியர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றும் எடுத்துக்கொள்வோம். 12 கோடிக்காரர் முதலில் 3 கோடியின் 1.5 மடங்கு, 4.5 கோடி எடுப்பார். மீதி 3.5 கோடியில் 20%, அதாவது 70 இலட்சம். மொத்தம் 5.2 கோடி அவருக்கு. உங்கள் இருவருக்கும் சேர்த்து 2.45 கோடி. 70% பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

10 கோடிக்காரரிடம் போஸ்ட்-மணி 13 கோடி. அவருக்கு ஏறத்தாழ 23.1%, உங்களுக்கு 66.9%. அதே 8 கோடி விற்பனையில் அவர் 3 கோடியை எடுத்து ஒதுங்கிவிடுவார். மீதி 5 கோடியில் உங்களுக்கு 4.35 கோடி.

நன்றாக விலைபோனால்? 30 கோடி என்று வைப்போம். முதலாமவர் 4.5 கோடியும், மீதி 25.5 கோடியில் 5.1 கோடியும் எடுப்பார், உங்களுக்கு 17.85 கோடி. இரண்டாமவர் பங்குகளை மாற்றித் தன் 23.1% எடுப்பார், உங்களுக்குச் சுமார் 20 கோடி. முதலாமவரின் நிபந்தனை 4.5 கோடிக்கு மேற்பட்ட ஒவ்வொரு விற்பனையிலும் உங்களிடமிருந்து 3.15 கோடியைக் கழிக்கிறது (4.5 கோடியின் 70%). அதற்கு ஈடாக அவர் தருவது சுமார் 3.08 வீதப் புள்ளிகள் மட்டுமே. அந்த 3.08 புள்ளி 3.15 கோடியை எட்ட, விற்பனை விலை ஏறத்தாழ 102 கோடியாக வேண்டும்.

12 கோடிக்காரரையே பிடிக்கிறது என்றால், மதிப்பை விட்டுக்கொடுத்து நிபந்தனையை மாற்றச் சொல்லுங்கள். '1 மடங்கு, நொன்-பார்ட்டிசிபேட்டிங்' என்பது தொடக்கநிலை முதலீடுகளில் பரவலாக வழங்கும் நிபந்தனை, கேட்பதில் வெட்கமில்லை. மறுத்தால் உச்சவரம்பு கேளுங்கள்: எல்லாம் சேர்த்து 2 மடங்கு, அதாவது 6 கோடிக்கு மேல் எடுக்கக் கூடாது, அதற்கு மேல் வேண்டுமானால் பங்கை மாற்றித்தான் எடுக்க வேண்டும் என்று.

வாசகத்தில் இரண்டு இடங்களை விரல் வைத்துப் படியுங்கள். ஒன்று, 'அறிவிக்கப்பட்டாலும் படாவிட்டாலும் சேரும்' பங்கிலாபம். ஆண்டுக்கு 8% என்று இருந்தால், கூட்டுவட்டி இல்லாமலேயே 5 ஆண்டில் 3 கோடிக்கு 1.2 கோடி சேர்ந்து, முதலில் எடுக்கும் தொகை அவ்வளவால் கூடிவிடும். மற்றது, லிக்விடேஷன் என்பதற்கான வரைவிலக்கணம். பங்கு விற்பனையில் வாங்குபவரின் பணம் கம்பனிக்குள் வராது, பங்குதாரர்களின் கைக்கு நேரே போகும். அதனால் அப்படி வரும் பணத்தையும் எப்படிப் பங்கிடுவது என்று முதலீட்டாளர் தரப்பு எழுதும். அது நியாயம்தான். ஆனால் அடுத்த சுற்றில் புதிய முதலீடு வருவதும் 'விற்பனை' ஆகிவிடும்படி அந்த வரைவிலக்கணம் அகன்றிருந்தால், அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள்.

டேர்ம் ஷீட்டின் பெரும்பகுதி சட்டப்படி கட்டுப்படுத்தாது. இரகசியம் காத்தல், குறித்த காலத்துக்கு வேறு எவருடனும் பேசாதிருத்தல், சட்டச் செலவை யார் ஏற்பது என்பவை மட்டும் வழக்கமாகக் கட்டுப்படுத்தும். பேசாதிருக்கும் காலம் 90 நாள் என்றால் 45 ஆகக் குறைக்கக் கேளுங்கள். 12 கோடிக்காரருடன் ஒப்பமிட்ட அன்றே 10 கோடிக்காரரை இழக்கிறீர்கள். முதலீட்டாளருடைய சட்டத்தரணியின் கட்டணம் உங்கள் தலையில் என்றால், அதற்கும் ஓர் உச்சத்தொகை எழுதுங்கள்.

முதலீட்டாளர் வாங்கும் இந்த முன்னுரிமைப் பங்கின் உரிமைகளைக் கம்பனியின் அமைப்பு விதிகளில் எழுதியாக வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி அந்த விதிகளைத் திருத்த விசேட தீர்மானம், அதாவது 75% வாக்கு வேண்டும். இன்று அந்த வாக்கு முழுவதும் உங்களுடையது. பணம் வந்து, பூலும் முழுவதும் ஊழியர்களுக்குப் பங்குகளாகக் கொடுக்கப்பட்டபின் உங்களிடம் 70% அல்லது அதற்கும் குறைவு. அப்போது நீங்கள் தனியே அதைத் திருத்த முடியாது. ஆகவே டேர்ம் ஷீட்டையும் அமைப்பு விதிகளின் வரைவையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, 8 கோடி, 15 கோடி, 30 கோடி என்ற மூன்று விற்பனை விலைகளுக்கும் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கைத் தாளில் எழுதி, முதலீட்டாளரிடம் மின்னஞ்சலில் அனுப்பி, 'இப்படித்தானே?' என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஒப்பமிடுங்கள்.