தீபாவளி ஜாக்கெட்டை எப்போது கொடுக்க வேண்டும்?

கேள்வி: அண்ணா, பத்து வருஷமா உங்க கடையிலதான் தைக்கிறேன். ஒரு ஜாக்கெட் தைக்க ரெண்டு மணி நேரம்தானே ஆகும்? அப்புறம் ஏன் தீபாவளிக்கு இருபது நாள் முன்னாடியே கொடுக்கச் சொல்றீங்க?

பதில்: மிஷினில் ஓடுகிற நேரம் அவ்வளவுதான் அம்மா. நாள் போவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

பட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே காட்டன் லைனிங் கொடுக்கிறோம். அதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் கத்தரி போடுவோம். மற்ற மாதத்தில் அரை நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் கடைக்குள் கொடி கட்டிப் போட்டாலும் ரெண்டு நாள் ஆகிறது. ஒரு வருஷம் தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, பழகிய ஒரு அம்மாவுக்காக நனைக்காத லைனிங்கிலேயே தைத்துக் கொடுத்துவிட்டேன். அன்று போட்டபோது கச்சிதமாக இருந்தது. பொங்கலுக்கு எடுத்து வந்தார்கள். ஒரே அலசலில் லைனிங் சுருங்கி, கழுத்தைச் சுற்றிப் பட்டு உப்பிக்கொண்டு நின்றது. காசு வாங்காமல் பிரித்து வேறு லைனிங் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பட்டில் பழைய ஊசி ஓட்டைகள் தெரிந்தன. அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. அதற்கப்புறம் நனைக்காத துணியில் நான் கத்தரி வைப்பதில்லை.

தைத்து முடிந்ததும் ஹெம்மிங்கும் கொக்கியும் கைவேலை. பக்கத்துத் தெருவில் இரண்டு அக்காமார் வீட்டிலிருந்தே செய்து தருகிறார்கள். அவர்கள் வீட்டிலும் பண்டிகைதானே. பலகாரம் சுடுகிற கடைசி மூன்று நாளில் அவர்களிடம் துணி கொடுக்க எனக்கு மனசு வராது.

அதனால் லைனிங் ஜாக்கெட்டை இருபது நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஆரி வேலை இருந்தால் நாற்பது நாள். ஏனென்றால் நாங்கள் துணியில் அளவு குறித்துக் கொடுத்து, அது ஆரி போடுகிற மரச்சட்டத்தில் ஏறி, வேலை முடிந்து திரும்பி வந்த பிறகுதான் வெட்டுவோம். ஃபால்ஸ், பிக்கோ மட்டும் என்றால் ஐந்து நாள் போதும்.

உங்களுக்குத் தாமதமாகும் போலிருந்தால் ஒரு வழி இருக்கிறது. சேலையைக் காட்டி லைனிங்கை மட்டும் முன்கூட்டியே வாங்கி, வீட்டிலேயே ராத்திரி ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கொண்டுவாருங்கள். மெரூன், பச்சை போன்ற அடர் நிறமாக இருந்தால் தனியாக ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அதில் எனக்கு ரெண்டு நாள் மிச்சமாகும்.

அளவு ஜாக்கெட்டையும் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். போன வருஷம் சரியாக இருந்தது இப்போது பிடிக்கலாம். பக்கத் தையலில் ஒரு இன்ச் உள்ளே விட்டுத்தான் தைக்கிறோம், கொஞ்சம் பிடித்தால் பிரித்துவிடலாம். கை இறுக்கமாக இருந்தால்தான் சிரமம். அதனால் பண்டிகைக்கு ஐந்து நாள் முன்பே கடைக்கு வந்து போட்டுப் பாருங்கள், கையை மேலே தூக்கியும் பாருங்கள். அன்று சொன்னால் உட்கார வைத்தே சரிசெய்து கொடுத்துவிடுவேன்.