இருப்பில் வெங்காயம் மட்டும் இடிக்கிறது

"விற்பனைக்கு ஏற்ப தினமும் நுகர்வு பதிவாகிறது. ஆனாலும் சிஸ்டம் காட்டுவதைவிட வெங்காயம் குறைவாகவே இருக்கிறது, ஏன்?"

ஒரு தட்டு உணவுக்கு எந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்லும் பட்டியலான பிஓஎம்-இல் உரித்த எடையைப் போட்டிருப்பீர்கள்; வாங்கும் எடைக்கு மாற்றுங்கள். சரக்கு தோலோடு உள்ளே வருகிறது, தோல் இல்லாமல் கழிகிறது. அந்த வித்தியாசம்தான் தினமும் சேர்கிறது.

5 கிலோவை உரித்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். 4 கிலோ நின்றால் 80 சதவீதம் தேறுகிறது. அப்போது தட்டுக்கு உரித்தது 100 கிராம் என்றால் 100 ÷ 0.80 = 125 கிராம் போட வேண்டும். பலரும் 20 சதவீதம் கூட்டி 120 போட்டுவிடுகிறார்கள். அங்கேயே அடக்கவிலையும் குறைந்துவிடும்.

அழுகியது, கருகியது எல்லாம் இதில் சேராது. அதை அன்றன்றைக்கே தனிக் கழிவாகப் பதியுங்கள். அப்புறம், பிஓஎம்-இல் ஏற்கெனவே கழிவு சதவீதம் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை கழியும். பழைய பதிவுகள் தானாக மாறாது. ஒருமுறை எடைபோட்டு இருப்பைச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.