உப்புப் பளிங்கும் அவகாதரோ மாறிலியும்: செய்முறை அறிக்கைக் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே செய்முறையைப் பற்றியவை: சோடியம் குளோரைட்டின் அடர்த்தியையும் எக்ஸ் கதிரால் பெற்ற கல விளிம்பையும் வைத்து அவகாதரோ மாறிலியை N = ZM/ρa³ என்று கணிப்பது.

எனக்கு 4.8 × 10²⁴ வந்தது. எங்கே பிழை? (மானிப்பாய்)

எட்டு மடங்கு கூடினால் விளிம்பைப் பாதியாக எடுத்திருக்கிறீர்கள். செம்புக் கதிரில் 31.7 பாகையில் எழும் பெரிய உச்சம் 200 தளத்தினுடையது. அதன் இடைவெளி 2.82 ஆங்ஸ்ட்ரோம்; விளிம்பு அதன் இரட்டிப்பு, 5.64.

ஆனையிறவுக் கல்லுப்பில் அடர்த்தி 2.05தான் வருகிறது. தராசு பிழையா? (சாவகச்சேரி)

தராசைக் குறை சொல்ல வேண்டாம். வெயிலில் விளைந்த கல்லுப்பின் உள்ளே உப்புநீர் சிறைப்பட்டிருக்கும்; சட்டியில் சூடாக்கினால் படபடவென்று வெடிப்பது அதனால்தான். நன்றாக அரைத்து, உலர்த்தி, அப்புறம் நிறுங்கள். அடர்த்திப் போத்தலில் உப்பு மூழ்கும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, குமிழி வருவது நிற்கும்வரை தட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். குமிழி உள்ளே தங்கிவிட்டால் அடர்த்தி குறையும், N கூடும்: 2.05 தருவது 6.36 × 10²³.

ஒழுங்காகச் செய்தால் 10.00 கிராம் உப்பு ஏறத்தாழ 3.70 கிராம் மண்ணெண்ணெயை வெளியேற்றும். மண்ணெண்ணெயின் அடர்த்தி 0.80 என்றால் உப்பின் கனவளவு 4.62 கன செ.மீ., அடர்த்தி 2.16, விடை 6.03 × 10²³. அந்த 0.80ஐ நீங்களே அதே போத்தலில் அளக்க வேண்டும். புத்தகத்தில் பார்த்து 0.78 என்று போட்டால் விடை 6.18க்கு ஓடிவிடும். முன்பும் சொன்னேன், இனியும் சொல்வேன்.

விளிம்பைப் புத்தகத்தில் எடுத்தேன், 6.022 அச்சொட்டாக வந்தது. வழு பூச்சியம் என்று எழுதலாமா? (நெல்லியடி)

எழுதக்கூடாது, தம்பி. அந்த விளிம்பு எப்படிக் கிடைத்தது என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லையே! 1913இல் பிராக் உப்பின் விளிம்பை அளந்து பெறவில்லை. அடர்த்தியையும் அப்போது தெரிந்திருந்த அவகாதரோ மாறிலியையும் வைத்துக் கணித்தார். அதிலிருந்துதான் எக்ஸ் கதிரின் அலைநீளம் கிடைத்தது. அப்படிப்பட்ட அலைநீளத்தால் வந்த விளிம்பைப் போட்டு N கண்டால், நாம் போட்டதையே திருப்பி எடுக்கிறோம். கோடு கீறிய கீற்றணியால் அலைநீளத்தைத் தனியாக அளந்த பிறகுதான், 1920களின் பிற்பகுதியில், இந்த வட்டம் உடைந்தது. உடைந்ததும் பழைய 6.06 என்ற பெறுமானம் 6.02க்கு இறங்கியது. பழைய பெறுமானம் மில்லிக்கன் அளந்த இலத்திரன் ஏற்றத்திலிருந்து வந்தது; அவர் தன் எண்ணெய்த் துளிச் சோதனையில் காற்றின் பாகுநிலையைச் சற்றுக் குறைவாக எடுத்ததே முன்னைய பிழைக்குக் காரணம்.

ஆகவே எந்த அலைநீளம், எந்த உச்சம், எத்தனை பாகை என்று எழுதுங்கள். உச்சத்தை 0.1 பாகை தவறாக வாசித்தாலே விடை ஏறக்குறைய ஒரு சதவீதம் மாறும், ஏனென்றால் விளிம்பு மூன்றாம் வலுவில் நிற்கிறது. அந்த ஒரு சதவீதத்தை வழுவாகக் காட்டும் அறிக்கைக்குத்தான் நான் புள்ளி போடுவேன்.

விடையை 6.0328 என்று எழுதலாமா? (உரும்பிராய்)

அடர்த்தியே மூன்று இலக்கம். 6.03 என்று எழுதுங்கள். மண்ணெண்ணெயை அளந்தீர்களா?