செந்தூரமும் பற்பமும் சாப்பிடும்போது ஆன்டிபயாட்டிக் வேலை செய்யுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. இரத்தசோகைக்கு அன்னபேதி செந்தூரம், புளியேப்பத்துக்குச் சங்கு பற்பம் இரண்டையும் காலையும் இரவும் சாப்பிடுகிறார். சிறுநீர்த் தொற்றுக்கு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் 500 மாத்திரையை இரண்டு வேளை, 7 நாளுக்குக் கொடுத்திருக்கிறார். மூன்று நாளாகியும் எரிச்சல் குறையவில்லை. சித்த மருந்து பற்றி டாக்டரிடம் சொல்லவில்லை. ஒன்றோடொன்று ஒத்துப்போகாதா?

பதில்: ஒரே வேளையில் சாப்பிட்டால் ஒத்துப்போகாது. அன்னபேதி செந்தூரத்தில் இருப்பது இரும்பு. சங்கைப் புடமிட்டு எடுக்கும் சங்கு பற்பத்தில் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். சிப்ரோஃப்ளாக்சசின் குடலில் இரும்பையும் கால்சியத்தையும் சந்திக்கும்போது அவற்றைப் பற்றிக்கொண்டு, குடல் உறிஞ்ச முடியாத கூட்டுப்பொருளாக மாறிவிடுகிறது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் பொறுத்தவரை இது நன்கு அறியப்பட்ட விஷயம். அவற்றோடு சேர்த்து விழுங்கினால் இரத்தத்தில் சேரும் சிப்ரோஃப்ளாக்சசினின் அளவு ஏறக்குறைய பாதியாகவே குறைந்துவிடக்கூடும். செந்தூரமும் பற்பமும் குன்றிமணி எடைக் கணக்கில், அதாவது நூற்றுச் சொச்ச மில்லிகிராம் அளவில்தான் கொடுக்கப்படுகின்றன என்றாலும், உள்ளே இருப்பது அதே உலோகம் என்பதால் அதே எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும்.

மருந்து முழுமையாக உள்ளே போகவில்லை என்பதை எந்தப் பரிசோதனை அறிக்கையும் நேரடியாகக் காட்டாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். சிறுநீர் கல்ச்சர் அறிக்கையில் அந்தக் கிருமிக்கு சிப்ரோஃப்ளாக்சசின் கேட்கும் என்றே வந்திருக்கும். ஆனால் நோயாளிக்குக் குணம் தெரியாது. சித்த மருந்து பற்றி அறியாத டாக்டர், இந்த மருந்து பலிக்கவில்லை என்று முடிவு செய்து இன்னும் வலுவான மாத்திரைக்கோ ஊசிக்கோ மாறுவார். அவர் கையிலிருக்கும் விவரத்தின்படி அது நியாயமான முடிவுதான். அந்தப் புது மருந்தும் இரும்போடு சேரும் வகையைச் சேர்ந்ததாக இருந்தால் பழைய கதையே தொடரும். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கும்போது பலர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். மறைக்க வேண்டும் என்பதல்ல. செந்தூரத்தையும் லேகியத்தையும் அவர்கள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எனவே இன்றே அந்த டாக்டரைத் தொடர்புகொண்டு, இரண்டு மருந்துகளின் பெயரையும், ஆன்டிபயாட்டிக்கோடு எத்தனை வேளை சேர்த்துச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லுங்கள். நாள்களை நீட்டுவதா, கல்ச்சர் எடுத்துப் பார்ப்பதா, மருந்தை மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஈடுகட்டுவதாக நினைத்து நீங்களாக மாத்திரையைக் கூட்டிக் கொடுக்காதீர்கள், நிறுத்தவும் வேண்டாம். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் போனில் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசினை இரும்பு, கால்சியம் சேர்ந்த மருந்துகளுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும் என்பது விதி. அம்மா காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மாத்திரை சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால், செந்தூரத்துக்கும் பற்பத்துக்கும் கிடைக்கும் இடைவெளி காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரையும், இரவு 10 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரையும் மட்டும்தான். இரவு வேளைக்காக அம்மா 10 மணி வரை விழித்திருக்க வேண்டும். ஆகவே, சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஆன்டிபயாட்டிக் முடியும்வரை இரண்டையும் நிறுத்திவைப்பதே எளிது என்பது என் கருத்து. இரத்தசோகைக்கான மருந்து ஒரு வாரம் தள்ளிப்போவதால் பொதுவாகப் பெரிய நஷ்டமில்லை. பாலோடும் தயிரோடும் மட்டும் சேர்த்து மாத்திரையை விழுங்குவதும் இதே காரணத்தால் கூடாது.

எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அமாக்சிசிலினுக்கு இந்தத் தொல்லை இல்லை. டாக்ஸிசைக்ளினுக்கு உண்டு, அது பித்தநீர் வழியாக மீண்டும் குடலுக்கு வந்து சேர்வதால், நேரத்தைப் பிரித்துக் கொடுத்தாலும் இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே செந்தூரத்தை நிறுத்துவதுதான் சரி. மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால் பார்க்க வேண்டியது வேறு: அரிஷ்டம், ஆசவம் போன்றவற்றில் நொதித்தலால் உண்டாகும் ஆல்கஹால் இருப்பதால், முகம் சிவத்தல், படபடப்பு, வாந்தி வரக்கூடும் என்று அந்த மருந்தின் குறிப்பே எச்சரிக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினே சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடக்கூடியது, சிறுகுறிஞ்சான் போன்ற மூலிகைச் சூரணமும் சேர்ந்தால் அந்த ஆபத்து கூடும்.

டாக்டரிடம் போகும்போது டப்பாக்களையே எடுத்துச் செல்லுங்கள். பெயர் ஒட்டாத பொட்டலமாக இருந்தால் மருந்தின் பெயரையும் அளவையும் வைத்தியரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சித்த மருந்து" என்று மட்டும் சொன்னால் அதில் உலோகம் இருக்கிறதா, வெறும் மூலிகையா என்று டாக்டரால் ஊகிக்க முடியாது. கடைசி ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு மறுநாளிலிருந்து செந்தூரத்தையும் பற்பத்தையும் வழக்கமான நேரத்திலேயே மறுபடி தொடங்கலாம்.